6 ஜிபி கார்டுக்குள் ஒரு மளிகைக் கடை

கடைசி செமஸ்டர் வேலைக்காக ப்ளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஒரு பழைய மளிகைக் கடையைக் கட்டி முடித்தேன். அலமாரி நிறைய டின்கள், சாக்கு மூட்டைகள், பித்தளைப் படி, கடைசியில் மூட்டையிலிருந்து அரிசி கொட்டும் ஒரு ஷாட். மொத்தம் 240 ஃப்ரேம். என்னிடம் இருப்பது 6 ஜிபி மெமரி உள்ள கிராபிக்ஸ் கார்டு போட்ட லேப்டாப், ரேம் 32 ஜிபி. முதல் ஃப்ரேமைக் கார்டில் ரெண்டருக்குப் போட்டதும் `System is out of GPU memory` என்று வந்து நின்றுவிட்டது.

சரி, பிராசஸரிலேயே போட்டுப் பார்ப்போம் என்று இந்தக் கட்டளையைக் கொடுத்தேன்.

```
blender -b kadai.blend -E CYCLES -f 40 -- --cycles-device CPU
```

எந்தத் தகராறும் இல்லாமல் வந்தது, ஆனால் ஒரு ஃப்ரேமுக்கு 9 நிமிடம். 240 ஃப்ரேமுக்குக் கணக்குப் போட்டால் 36 மணி நேரம். அலமாரியில் பாதி டின்களை அழித்துவிட்டு அதே ஃப்ரேமைக் கார்டில் போட்டபோது 50 விநாடிதான் ஆனது. அதாவது வேகம் கார்டில் இருக்கிறது, இடம் பிராசஸர் பக்கம் இருக்கிறது, ஏனென்றால் பிராசஸர் பயன்படுத்துவது 32 ஜிபி ரேமை. செட்டிங்கில் இரண்டையும் சேர்த்து டிக் செய்தாலும் இடம் கூடாது. கார்டும் வேலை செய்ய வேண்டுமென்றால் காட்சி அதன் மெமரியிலும் ஏற வேண்டும்.

எனக்குப் புரியாமல் இருந்தது, டெக்ஸ்சர் ஃபோல்டரே மொத்தம் 700 எம்பிதானே, 6 ஜிபி எப்படி நிரம்பும் என்பதுதான். விஷயம் என்னவென்றால், டிஸ்க்கில் ஜேபெக் சுருங்கிக் கிடக்கிறது, ரெண்டருக்குப் போகும்போது பிரித்து விரிக்கப்படுகிறது. 4096 × 4096 பிக்சல், பிக்சலுக்கு 4 பைட் என்றால் 64 எம்பி, கோப்பு டிஸ்க்கில் 5 எம்பியாக இருந்தாலும் சரி. மேடு பள்ளத்தைக் காட்டும் 16 பிட் நார்மல் மேப் என்றால் அதுவே இரட்டிப்பாகி 128 எம்பி. என் ஒவ்வொரு மெட்டீரியலிலும் நிறத்துக்கு ஒன்று, ரஃப்னெஸ்ஸுக்கு ஒன்று, நார்மல் ஒன்று: 64 + 64 + 128, ஆக 256 எம்பி. அப்படி 22 மெட்டீரியல். ஐந்தரை ஜிபி டெக்ஸ்சருக்கே போய்விட்டது. இதற்கு மேல் மாடல்கள் இருக்கின்றன, திரையைக் காட்டுவதற்கென்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும் பங்கும் இருக்கிறது.

`Simplify` பகுதியில் `Texture Limit` என்று ஒன்று இருக்கிறது. 1024 என்று வைத்தால் உடனே எல்லாம் அடங்கிவிடும், ஆனால் அது எல்லா டெக்ஸ்சரையும் ஒரே மாதிரி வெட்டுகிறது, கேமராவுக்கு முன்னால் இருக்கும் டின்னில் எழுத்தெல்லாம் மங்கிப் போனது. அதனால் கையாலேயே செய்தேன். பின் வரிசை டின் ஒன்று ரெண்டரில் 150 பிக்சல் உயரம்கூட வருவதில்லை, அதற்கு 4096 எதற்கு? இப்படி 15 மெட்டீரியல்களை 1024-க்கு இறக்கினேன். பக்கவாட்டில் நாலில் ஒரு பங்கு என்றால் மெமரியில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 256 எம்பி பிடித்த இடத்தில் இப்போது 16 எம்பி. மொத்த டெக்ஸ்சர் சுமார் 2 ஜிபிக்கு வந்தது. பித்தளைப் படியின் நார்மலை மட்டும் தொடவில்லை, வளைந்த பளபளப்பில் தரம் குறைந்தால் படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாகத் தெரியும்.

இரவு ஓட விட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் 137-ஆம் ஃப்ரேமோடு நின்றிருக்கிறது. கார்டின் மெமரியை விநாடிக்கு ஒருமுறை காட்டும் `nvidia-smi -l 1` கட்டளையை இன்னொரு விண்டோவில் ஓட விட்டு 120-லிருந்து மறுபடி போட்டுக் கவனித்தேன். 125 வரை 3 ஜிபியில் அசையாமல் இருந்தது, அரிசி கொட்ட ஆரம்பித்ததும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஏறிக்கொண்டே போனது. 130-க்கு மேல் ஒரு ஃப்ரேமே 4 நிமிடம் எடுத்தது. கார்டு நிரம்பியதும் மீதியைக் கணினியின் ரேமில் வைத்து அங்கிருந்து படிக்கப் பார்க்கும், அதனால்தான் நிற்பதற்கு முன்னாலேயே நேரம் இழுக்கிறது. இந்த இழுப்பைப் பார்த்தாலே மெமரி பக்கம் சந்தேகப்படலாம்.

ஜியோமெட்ரி நோடில் தேடியபோது, நிறம் மாற்றிப் பார்ப்பதற்காக என்றோ போட்ட `Realize Instances` அங்கேயே கிடந்தது. அது இல்லாதபோது ஒரே ஒரு அரிசி மணியின் மெஷ்தான் மெமரியில் இருக்கும், மற்ற 60,000 மணிகளும் எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் என்ற குறிப்பு மட்டுமே. அது இருந்தால் ஒவ்வொரு மணியும் தனி மெஷ். மணிக்கு 180 முக்கோணம் என்றால் ஒரு கோடிக்கு மேல். டின்களை அடுக்கும்போது `Shift+D` அழுத்தியதிலும் இதே தப்பு நடந்திருந்தது, `Alt+D` என்றால் மெஷ் ஒன்றாகவே பகிரப்படும்.

நோடை எடுத்துவிட்டு, டின்களையும் மாற்றி அடுக்கினேன். 240-ஆம் ஃப்ரேமிலும் 3.2 ஜிபியைத் தாண்டவில்லை, முழு ஷாட்டும் மூன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டது. இப்போது வாசலில் ஒரு வேப்பமரம் வைக்க இடம் இருக்கிறது, இலைகளை நாளைக்கு ஆரம்பிக்கிறேன்.