ஹெச்ஆருக்கு நான் எழுதிய முதல் மெயில்

கோயம்புத்தூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஐடி நிறுவனம் கேம்பஸுக்கு வந்தது. ஆன்லைன் தேர்வு, டெக்னிகல் இன்டர்வியூ, ஹெச்ஆர் ரவுண்டு மூன்றும் முடிந்து, சனிக்கிழமை மாலை பிளேஸ்மென்ட் ஆபீசர் பட்டியலை வாசித்தார். எங்கள் கல்லூரியில் பன்னிரண்டு பேர். அதில் நானும் ஒருத்தி. செவ்வாய்க்கிழமை மற்ற பதினொரு பேருக்கும் எல்ஓஐ, அதாவது வேலை தர விரும்புகிறோம் என்ற கடிதம், மெயிலில் வந்துவிட்டது. எனக்கு மட்டும் வரவில்லை. ஸ்பேம் பெட்டியிலும் இல்லை.

எங்கள் கல்லூரியில் ஒரு மாணவருக்கு ஒரு வேலைதான். பட்டியலில் பெயர் வந்துவிட்டால் அடுத்த கம்பெனிக்கு உட்கார முடியாது. அடுத்த டிரைவ் திங்கட்கிழமை. கையில் கடிதம் கிடையாது, அந்த டிரைவுக்கும் அனுமதி கிடையாது. அன்று இரவு தூங்கவே இல்லை.

பிளேஸ்மென்ட் சாரிடம் போனேன். "நீயே ஹெச்ஆருக்கு மெயில் போடும்மா, என்னை சிசியில் வை" என்றார். உட்கார்ந்து எழுதினேன். என் ஊர், படிப்பு, சிஜிபிஏ, பிராஜெக்ட், அந்த நிறுவனத்தில் சேர எவ்வளவு ஆசை என்பதெல்லாம் முதலில். கடிதம் வரவில்லை என்ற செய்தி நான்காவது பத்தியில். கூடவே ரெஸ்யூமேயும் இணைத்தேன். அனுப்புவதற்கு முன், போன வருஷம் அதே கம்பெனியில் சேர்ந்த சீனியர் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் காட்டினேன். "அவங்க ஒரே வாரத்துல நிறைய காலேஜ் பார்த்திருப்பாங்க. இதை வெச்சு உன்னை எப்படித் தேடுவாங்க? முதல்ல கம்பெனி போர்ட்டல்ல உன் கணக்கைத் திறந்து பாரு" என்றார்.

திறந்தேன். கல்லூரி மெயில் ஐடியில் நுழைந்தால், தேர்வில் பாஸ் என்று மட்டும் காட்டியது. இன்டர்வியூ பற்றி ஒன்றும் இல்லை. அப்போதுதான் நினைவு வந்தது, மூன்றாம் வருஷத்தில் ஒரு கோடிங் போட்டிக்காக அதே போர்ட்டலில் ஜிமெயில் வைத்து ஒரு கணக்கு தொடங்கியிருந்தேன். அதில் நுழைந்தால் இன்டர்வியூ முடிந்தது என்று இருந்தது. இன்டர்வியூ அன்று காலையில் கொடுத்த ஃபார்மில் பழக்கத்தில் ஜிமெயிலைத்தான் எழுதியிருக்கிறேன். பெயரும் இரண்டிலும் ஒன்றாக இல்லை. ஒன்றில் பெயருக்குப் பின்னால் இனிஷியல். மற்றதில் லாஸ்ட் நேம் கட்டாயம் என்று கேட்டதால் அப்பா பெயரை முழுதாகப் போட்டிருந்தேன். இனிஷியல் வைத்திருக்கும் நம் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் ஏதோ ஒரு ஃபார்மில் வரத்தான் செய்கிறது. கம்பெனியின் கணக்கில் நான் இரண்டு பேர். ஒருத்தி தேர்வு எழுதியவள், இன்னொருத்தி இன்டர்வியூ கொடுத்தவள்.

மெயிலைப் புதிதாக எழுதினேன். சப்ஜெக்டில் கல்லூரிப் பெயர், டிரைவ் தேதி, என் பெயர், இரண்டு கேண்டிடேட் ஐடிக்கள், கடிதம் வரவில்லை என்ற செய்தி. உள்ளே நான்கே வாக்கியம். இந்தத் தேதி டிரைவில் இந்த வேலைக்குத் தேர்வான பட்டியலில் என் பெயர் உள்ளது. எனக்கு இரண்டு கணக்குகள் இருப்பதை இன்று கண்டேன், தவறு என்னுடையது. தேர்வு இந்த ஐடியில், இன்டர்வியூ அந்த ஐடியில் பதிவாகியுள்ளது. இரண்டையும் கல்லூரி மெயில் உள்ள கணக்கில் சேர்த்து, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடி பெயரைத் திருத்தித் தர வேண்டுகிறேன். கீழே என் போன் நம்பர். இரண்டு திரைகளின் ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்தேன். ஆதார் நகலையும் சேர்க்கப் போனேன். "கேட்காம ஆதாரை மெயில்ல அனுப்பாதே" என்று அக்கா தடுத்தார். திங்கட்கிழமை டிரைவ் பற்றி எழுதியிருந்த புலம்பலையும் எடுக்கச் சொன்னார். அது கல்லூரி விதி, ஹெச்ஆர் அதில் செய்ய எதுவும் இல்லை. அனுப்புவதும் ஜிமெயிலிலிருந்து அல்ல, எந்தக் கணக்கை வைத்துக்கொள்ளப் போகிறேனோ அந்தக் கல்லூரி ஐடியிலிருந்து.

புதன்கிழமை காலை 9.40க்கு அனுப்பினேன். அன்று பதில் இல்லை. வியாழக்கிழமையும் இல்லை. இன்னொரு மெயில் போடக் கை துறுதுறுத்தது. புதிதாக ஒன்று போட்டால் அது தனி மெயிலாகப் போய், முதலில் எழுதிய விவரம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம் என்று ஆகிவிடும். அதனால் வெள்ளிக்கிழமை காலை அதே மெயிலுக்குக் கீழேயே, நினைவூட்டுகிறேன் என்று ஒரு வரி சேர்த்தேன். மதியம் பதில் வந்தது. இரண்டு கணக்கும் ஒரே ஆளுடையது என்று கையெழுத்திட்ட உறுதிமொழியும், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் நகலும் கேட்டிருந்தார்கள். பதில் நிறுவனத்தின் சொந்த மெயில் முகவரியிலிருந்துதான் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் ஸ்கேன் செய்து ரிப்ளை ஆல் கொடுத்தேன், சாருக்கும் தெரியட்டும் என்று.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அடுத்த கம்பெனியின் அறிமுகக் கூட்டம் ஆடிட்டோரியத்தில் தொடங்கியது. நான் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். 11.15க்குக் கடிதம் வந்தது. முதலில் சம்பளத்தைப் பார்க்கவில்லை, பெயரைத்தான் பார்த்தேன். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பது போலவே, இனிஷியல் பின்னால்.