கவினுக்கு வயிறு சரியில்லாத நாட்கள்

ஜூன் 11

அக்காவும் அத்தானும் விடியுமுன்பே ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்கள். கவின் எழும்பி யாரையும் தேடவில்லை. விடாத மழை.

ஜூன் 12, காலை

நடுச்சாமத்தில் வாந்தி. இரண்டு மணிக்கு மறுபடியும், அப்புறம் வயிற்றால் போகத் தொடங்கிவிட்டது, தண்ணீர் மாதிரி. நான் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருக்க, அம்மா பிள்ளையின் சட்டையைக் கழற்றித் துடைத்துவிட்டு, மடியில் போட்டுக்கொண்டு, "ரத்தம் கிடக்கான்னு லைட்டப் புடிச்சுப் பாரு புள்ள" என்றார். இல்லை. "சரி, அப்ப அடுப்பப் பத்த வை."

பீலித் தண்ணீர் மூன்று நாள் மழையில் கலங்கிப்போய் வருகிறது. நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறியதும் ஒரு லீட்டர் போத்தலில் கழுத்துவரை அளந்து ஊற்றி, வயிற்றோட்டத்துக்குக் குடிக்கக் கொடுக்கும் ஜீவனி உப்புப் பைக்கற் ஒன்றை முழுதாகக் கொட்டிக் கரைத்தார். பக்கத்துக் காம்பரா பெரியம்மா வந்து, பாதிப் பைக்கற்றை ஒரு கிளாஸில் கரைத்துக் கொடுத்தால் போதுமே என்றார். அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. தண்ணீர் குறைந்தால் உப்பு கூடிவிடும், உப்பு கூடினால் பிள்ளைக்கு இன்னும் மோசமாகுமாம். பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்த காலத்தில் அம்மா எத்தனை பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுத்திருப்பார்!

ஜூன் 12, மதியம்

கொடுத்ததும் வாந்தி எடுத்தான். எனக்குக் கை நடுங்கியது, இனிக் கொடுக்கவேண்டாம் என்றேன். அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் சும்மா இருந்தார். பிறகு தேக்கரண்டியில் ஒரு வாய். இரண்டு மூன்று நிமிஷம் கழித்து இன்னொரு வாய். அவன் கப்பைப் பிடுங்கி மடமடவென்று குடிக்கப் பார்க்கிறான், தாகம், பாவம், அம்மா கப்பைப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டு "மெதுவா சாமி, மெதுவா" என்று கரண்டியை மட்டும் நீட்டுகிறார். ஒரேயடியாகக் குடித்தால் வயிறு திருப்பித் தள்ளும், கரண்டி கரண்டியாகப் போனால் கொஞ்சம் வெளியே வந்தாலும் மிச்சம் உள்ளே தங்கும். ஒரு மணி நேரம் இப்படியே போனது. அதற்குப் பிறகு வாந்தி இல்லை. இப்போது ஒவ்வொரு தடவை வயிற்றால் போனதும் அரைக் கோப்பை.

ஆனால் காலையிலிருந்து மூத்திரம் போகவில்லை.

ஜூன் 12, இரவு

அக்கா போன். வயிற்றை நிறுத்த ஒரு குளிசை கொடுக்கச் சொல்லி அழுகிறாள். "சின்னப் புள்ளைக்கு அந்தக் குளிசை ஆகாது. போறது போகட்டும், போன தண்ணியத் திருப்பிக் குடுத்தா சரி" என்றார் அம்மா, குரலை உயர்த்தாமலே.

வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டார், உடனே படிந்தது. மெதுவாகப் படிந்தால் உடம்பில் தண்ணீர் இல்லையென்று அர்த்தமாம். கண் குழி விழவில்லை, அழுதால் கண்ணீர் வருகிறது. இவற்றில் ஒன்று மாறினாலோ, குடிக்க மறுத்தாலோ, எழுப்ப எழுப்ப சோர்ந்து தூங்கினாலோ, ரத்தம் போனாலோ, விடியட்டும் என்று பார்க்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அடித்து ஆஸ்பத்திரிக்கு. துவாய், கிளினிக் கொப்பி, மாற்றுச் சட்டை எல்லாம் ஒரு பையில் கட்டிக் கதவோரம் வைத்தாயிற்று. அந்தப் பையைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆனாலும் மூத்திரம்?

ஜூன் 13

விடியற்காலை நான்கு மணிக்குப் பாயெல்லாம் நனைத்துவிட்டான். தொட்டுப் பார்த்துச் சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

ஜூன் 13, மாலை

பெரியம்மா மறுபடியும் வந்தார். வயிற்றைக் காயப் போடணும், ஒரு நாள் பட்டினி நல்லது என்கிறார். அம்மா அவருக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே கவினுக்குக் குழையவிட்ட சோறும் பருப்பும் ஊட்டினார். பட்டினி போட்டால் குடல் எதைக்கொண்டு தேறும் என்று கேட்டார். நான்கு வாய் தின்றான். பிறகு பாதிக் கோழிக்கூட்டுப் பழம். சோடா மட்டும் வாங்கிவரக் கூடாது, அந்தச் சீனி வயிற்றோட்டத்தைக் கூட்டும்.

நேற்றுக் கரைத்த ஜீவனியில் மிச்சம் இருந்தது. ஒரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாதென்று கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைத்தார்.

டிஸ்பென்சரியில் காட்டினோம். சிங்க் குளிசை தந்தார்கள். வயிறு நின்றாலும் நிறுத்தாமல் பத்து நாள் கொடுக்கவேண்டும். கரண்டித் தண்ணீரில் கரைக்கிறோம், முகத்தைச் சுளித்துக்கொண்டே குடிக்கிறான்.

ஜூன் 14

மூன்று தடவை மூத்திரம். எழுதிவைக்கிறேன்.

ஜூன் 15

இன்னும் இரண்டு தடவை இளகித்தான் போனது. எனக்குப் பயம். முழுதாக நிற்க ஒரு வாரம்கூட ஆகும், பிள்ளை விளையாடுது, தின்னுது, அப்புறம் என்ன என்கிறார் அம்மா. அக்காவின் ரயில் நாவலப்பிட்டி தாண்டிவிட்டதாம். பீலி இன்னும் தெளியவில்லை, அடுத்த பானையை ஏற்றவேண்டும், கவின் கூப்பிடுகிறான்