கேட்டில் அழுத்தினால் மாடியில் கேட்க வேண்டும்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு கேட் தூணில் இருந்த காலிங்பெல் சுவிட்ச் 230 வோல்ட் மின்சாரத்திலேயே ஓடியது. நம் ஊர் வயர் பெல்கள் பெரும்பாலும் அப்படித்தான். வீட்டுக்குள் வாசல் கதவருகே இருந்தால் பரவாயில்லை. மழையில் நனையும் தூணில் இருந்தால் ஆபத்து. போன மழைக்காலத்தில் பால் போடும் பையனுக்கு விரலில் ஷாக் அடித்தது. அன்றைக்கே அந்த லைனைத் துண்டித்துவிட்டேன்.

வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன் அண்ணா பைப்புக்குள் வயரை இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. "புது வயர் போடணும்னா முற்றத்துத் தரையை உடைக்கணும்மா" என்றார். அதனால்தான் வயர்லெஸ் வாங்கினேன்.

அட்டைப்பெட்டியில் 300 மீட்டர் என்று போட்டிருந்தது. கேட்டிலிருந்து மாடியில் அம்மாவின் அறைக்கு 15 மீட்டர்கூட இருக்காது. ஆனால் பத்துத் தடவை அழுத்தினால் அங்கே இரண்டு தடவைதான் அடித்தது. அந்த 300 மீட்டர், நடுவில் எதுவுமே இல்லாத திறந்தவெளிக்கான கணக்கு.

பக்கத்து வீட்டுப் பையனை கேட்டில் நிறுத்தி, ஃபோனில் பேசிக்கொண்டே ரிசீவரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி இடம் இடமாகப் பார்த்தேன். ஒவ்வோர் இடத்திலும் பத்து அழுத்தல். ஹாலில் பத்துக்குப் பத்து. சமையலறையில் எட்டு, நடுவில் இருப்பது ஒரே ஒரு கான்கிரீட் பிளாக் சுவர். மாடி அறையில் இரண்டு. அப்படியானால் சிக்னலைத் தின்பது சுவரைவிட மாடித் தளம்தான்.

காரணம் உள்ளே இருக்கும் கம்பி. எங்கள் பெல் 433 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. அந்த அலையின் நீளம் ஏறக்குறைய 69 சென்டிமீட்டர். தளத்துக்குள் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அரை அடி இடைவெளியில் கட்டியிருப்பார்கள். அவ்வளவு நெருக்கமான வலையில் பட்டு அலையில் பெரும்பகுதி திரும்பிவிடும். போதாததற்கு கேட்டிலிருந்து மாடிக்கு அலை சாய்வாகப் போகிறது. சாய்வாகப் போனால் தளத்துக்குள் கடக்க வேண்டிய தூரமும் கூடும். கம்பியில்லாத பிளாக் சுவர் இவ்வளவு தொல்லை தராது.

பட்டனை ஒட்டிய இடமும் தப்பு. பழைய சுவிட்ச் இருந்த இடமாயிற்றே என்று தூணின் தெருப்பக்கத்தில் ஒட்டியிருந்தேன். வீட்டுக்கும் பட்டனுக்கும் நடுவில் அந்தக் கம்பித் தூணே நின்றது. தூணின் பக்கவாட்டில், கேட்டைத் திறக்கும் பக்கமாக, ஓர் அங்குல மரத்துண்டின் மேல் மாற்றி ஒட்டினேன். இரும்பு கேட்டிலேயே ஒட்டலாமா என்றும் பார்த்தேன், இன்னும் மோசம்.

மாற்றியதில் மாடி அறையில் ஐந்து ஆனது. வாசலுக்கு வருபவர்களில் பாதிப் பேரை அம்மா தவறவிட முடியாதே! கடைசியில் மாடிப்படித் திருப்பத்தில் வைத்துப் பார்த்தேன். அங்கே தெருவைப் பார்த்த ஜன்னல் இருக்கிறது, தளம் குறுக்கே வராது. பத்துக்குப் பத்து. மறுநாள் மழையிலும் அதே பத்து.

அறையிலேயே இரண்டாவது ரிசீவர் வைக்கலாமே என்று தம்பி கேட்டான். ஒரே பட்டனுக்கு இரண்டு மூன்று ரிசீவர் சேர்க்கலாம்தான். ஆனால் எங்களுடையதைப் போன்ற சாதாரண செட்டில் ஒரு ரிசீவர் இன்னொன்றுக்குச் சிக்னலைக் கடத்தாது. ஒவ்வொன்றுக்கும் பட்டனிலிருந்து நேராக எட்ட வேண்டும்.

இனி சத்தம். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, கீச்சென்ற பாட்டு எதுவும் காதில் விழவில்லை. வயதானால் முதலில் குறைவது உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன்தான். முப்பதுக்கு மேல் இருந்த ட்யூன்களை அம்மாவைக் கட்டிலில் உட்காரவைத்து, கதவைச் சாத்தி, ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தோம். தடித்த குரலில் ஒலிக்கும் பழைய 'டிங் டாங்' மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்டது.

எங்கள் தெருவில் கரண்ட் அடிக்கடி போகும். ரிசீவர் பிளக்கில் மாட்டுவது, கரண்ட் போனால் ஊமை. பேட்டரி ரிசீவரும் கிடைக்கிறது. ஆனால் அது நாள் முழுக்கச் சிக்னலுக்குக் காத்திருப்பதால் செல்லை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். படித் திருப்பத்து விளக்கு ஏற்கெனவே இன்வெர்ட்டர் லைனில் இருந்தது. அண்ணா அதிலிருந்தே ஒரு பிளக் பாயிண்ட் எடுத்துக் கொடுத்தார், அரை மணி நேர வேலை.

ஏழு மாதம் கழித்து மறுபடி விட்டு விட்டு அடித்தது. பட்டனில் சிவப்பு விளக்கு எரிந்ததால் பேட்டரி நன்றாக இருப்பதாகவே நினைத்தேன். பட்டனைக் கழற்றி ரிசீவர் பக்கத்தில் அழுத்தினால் ஒழுங்காக அடித்தது, கேட்டுக்குப் போனால் இல்லை. விளக்கு எரியத் தேவையான கரண்ட் மிச்சமிருந்தது, தூரம் அனுப்பும் பலம் போய்விட்டது. 12 வோல்ட் குட்டிப் பேட்டரி, 23ஏ என்று கேட்டால் கடையில் தருவார்கள். புதியதைப் போட்டு, ரப்பர் வளையத்தைத் துடைத்து மூடி, பையனைக் கூப்பிட்டுப் பத்துத் தடவை அழுத்தச் சொன்னேன். பத்தும் அடித்தது.