காலை 8.24-க்கு முன் நடந்தவை

2024 ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை காலை, கொங்கு வட்டாரத்துச் சிறு நகரம் ஒன்றில் இயங்கும் குழந்தைகள் நல கிளினிக்கின் கணினிகள் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேரால் பூட்டப்பட்டன. கணினிப் பராமரிப்புத் தொழிலில் இருக்கும் என்னை அங்கே அழைத்தார்கள். அதுவரை அந்தக் கணினிகளை வேறொருவர் பார்த்துவந்தார். நடந்தவற்றை உரிமையாளரான மருத்துவருக்கு எழுத்தில் அறிக்கையாகத் தர வேண்டியிருந்தது. கோப்புகளை மீட்பதைவிட அந்த அறிக்கையை எழுதுவதில்தான் எனக்குக் கூடுதல் கவனம் தேவைப்பட்டது. ஏனென்றால், நான் போய்ச் சேரும் முன்பே மருத்துவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"வரவேற்பில இருக்கற பொண்ணு பென் டிரைவ் போட்டுருக்குதுங்க. அதுலதான் வந்திருக்கு. நீங்க எழுத்துல குடுங்க, நான் பேசிக்கறேன்" என்றார்.

அவர் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. அன்று காலை அந்தப் பெண் கணினியில் உள்நுழைந்தார், ஏதோ கோளாறு என்று நினைத்து அதை மறுதொடக்கம் செய்தார், அன்றைய முன்பதிவுப் பட்டியலை நகலெடுப்பதற்காகப் பென் டிரைவைச் செருகினார். செருகிய சற்று நேரத்தில் பென் டிரைவில் இருந்த கோப்புகளும் பெயர் மாறி, `.faust` என்ற பின்னொட்டோடு நின்றன. கண்ணால் பார்த்தவர்களுக்குப் பென் டிரைவும் பூட்டும் ஒன்றாக வந்தவை. ஆனால் முதலில் கண்ணில் பட்டதையே முதலில் நடந்தது என்று அறிக்கையில் எழுதிவிட முடியாது.

அங்கே நான்கு கணினிகள் இருந்தன. வரவேற்பறையில் உள்ள கணினியே சர்வராகவும் இருந்தது. பில் மென்பொருளின் தரவுத்தளமும், தடுப்பூசிப் பதிவுகளும் அதில்தான் இருந்தன. மருத்துவர் வீட்டிலிருந்தபடியே அன்றைய வரவைப் பார்ப்பதற்காக அது இரவிலும் அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. தொலைபேசியிலேயே நான் முதலில் சொன்னது, எல்லாக் கணினிகளின் நெட்வொர்க் கேபிளையும் கழற்றுங்கள், ஆனால் எதையும் அழிக்கவோ ஃபார்மட் செய்யவோ வேண்டாம் என்பதுதான். சர்வரின் வட்டைப் பிறகு கழற்றி, அதன் முழு நகல் ஒன்றை எடுத்து, அந்த நகலை வைத்துத்தான் தேடினேன்.

முதல் கேள்வி, பூட்டுதல் எப்போது தொடங்கியது என்பது. பூட்டப்பட்ட ஒவ்வொரு கோப்பிலும் அது கடைசியாக எழுதப்பட்ட நேரம் பதிவாகியிருக்கும். அவற்றை நேர வரிசையில் அடுக்கி, முதல் கோப்பை எடுத்தால் போதும்:

```
Get-ChildItem D:\ -Recurse -Filter *.faust |
  Sort-Object LastWriteTime |
  Select-Object -First 1 LastWriteTime, Name
```

முழுப் பட்டியலைப் பார்த்தபோது கோப்புகள் இரண்டு கொத்துகளாகப் பிரிந்து நின்றன. பெரும்பாலானவை அதிகாலையில், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இடைவெளிக்குள் பூட்டப்பட்டிருந்தன. அதன் பிறகு பல மணி நேரம் எதுவும் இல்லை. காலை எட்டரையை ஒட்டி, சிறிதளவே கோப்புகள் கொண்ட இரண்டாம் கொத்து வந்தது. மருத்துவர் பார்த்தது இந்த இரண்டாவதை மட்டுமே.

நேரங்களை அறிக்கையில் எழுதும் முன் இன்னொன்றைத் தீர்க்க வேண்டியிருந்தது. சர்வரின் கடிகாரம் சரியானதா? திரையில் வந்த மிரட்டல் அறிவிப்பை அந்தப் பெண் படமெடுத்து மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். கைப்பேசியின்படி அந்தப் படம் எடுக்கப்பட்டது காலை 8.24. படத்துக்குள் திரையின் கீழ் மூலையில் தெரிந்த கடிகாரமோ 8.30 என்று காட்டியது. ஆகவே சர்வர் 6 நிமிடம் முந்தி ஓடியிருக்கிறது. சில நாள் இடைவெளியில் இந்த வித்தியாசம் பெரிதாக மாறாது என்று கொண்டு, எல்லா நேரங்களிலும் 6 நிமிடத்தைக் கழித்தே எழுதினேன், கழித்திருக்கிறேன் என்பதையும் அறிக்கையின் முதல் வரியிலேயே குறிப்பிட்டேன். யாரைக் குற்றவாளியாக்க நினைத்தார்களோ அவர் எடுத்த படமே அறிக்கையின் கடிகாரத்தைச் சரிசெய்து கொடுத்தது.

அடுத்து, உள்ளே வந்த வழி. உள்நுழைவுகளைப் பதிந்துவைக்கும் விண்டோஸின் Security லாக்கைத் திறந்தால், அதில் அதிகாலைக்கு முந்தைய பதிவு எதுவுமே இல்லை. முதல் பதிவாக இருந்தது 1102. லாக் அழிக்கப்பட்டது என்பதைத் தெரிவிக்கும் எண் அது. அழித்த கணக்கின் பெயரும் அதில் இருக்கும். ஆனால் தொலைவிலிருந்தே கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக யார் எப்போது வந்தார்கள் என்பதை விண்டோஸ் இன்னொரு இடத்திலும் எழுதிவைக்கிறது. TerminalServices-LocalSessionManager என்ற பெயரில் இருக்கும் அந்த லாக்கை வந்தவர் தொடவில்லை. அங்கே 21 என்ற எண்ணுள்ள பதிவுகளில், வெற்றிகரமாக உள்நுழைந்த கணக்கும் எந்த முகவரியிலிருந்து நுழைந்தது என்பதும் அப்படியே இருந்தன.

அந்தக் கணக்கின் பெயர் `lab`. ஆய்வகக் கருவியின் மென்பொருளை நிறுவ வந்தவர்களுக்காக எப்போதோ உருவாக்கப்பட்டு, நிர்வாகி உரிமையும் கொடுக்கப்பட்டு, வேலை முடிந்த பிறகும் நீக்கப்படாமல் கிடந்தது. அதன் கடவுச்சொல்லும் அதே பெயர்தான். ரௌட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 என்ற போர்ட் நேராக சர்வருக்குத் திறந்துவிடப்பட்டிருந்தது, மருத்துவர் வீட்டிலிருந்து பார்ப்பதற்காக. இப்படித் திறந்திருக்கும் கணினிகளை இணையம் முழுவதும் தேடி, கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் நிரல்கள் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. குறிப்பாக இந்தக் கிளினிக்கைத் தேர்ந்தெடுத்து வந்தார்கள் என்று நினைக்க ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

இனி, அறிக்கையில் எழுதிய வரிசை. வியாழன் இரவு 11.48-க்கு ஒரு வெளிநாட்டு முகவரியிலிருந்து `lab` கணக்கில் ஒருவர் நுழைந்து 4 நிமிடத்தில் வெளியேறினார். எந்தக் கோப்பும் மாறவில்லை. கிளினிக்குக்கு ஞாயிறு விடுமுறை. அன்று நள்ளிரவு கழிந்து, திங்கள் அதிகாலை 1.09-க்கு வேறொரு முகவரியிலிருந்து அதே கணக்கில் நுழைந்தார்கள். 1.17-க்கு விண்டோஸின் வைரஸ் தடுப்பு நிரலான டிஃபெண்டரின் நேரடிப் பாதுகாப்பு அணைக்கப்பட்டது; டிஃபெண்டரின் சொந்த லாக்கில் 5001 என்ற பதிவு அதைச் சொல்கிறது. 1.37-க்கு, கணினியில் யார் உள்நுழைந்தாலும் தானாக இயங்கும் Startup கோப்புறையில் ஒரு நிரல் வந்து அமர்ந்தது. 1.38-க்கு முதல் கோப்பு பூட்டப்பட்டது, 2.31-க்கு முதல் கொத்தின் கடைசிக் கோப்பு. 2.34-க்கு லாக் அழிக்கப்பட்டது. 2.35-க்கு வந்தவர் வெளியேறினார்.

காலை 8.19-க்கு வரவேற்பறைப் பெண் தன் கணக்கில் உள்நுழைந்தார், 8.21-க்கு மறுதொடக்கம் செய்தார். Startup கோப்புறையில் இருந்த நிரல் அவர் உள்நுழைந்ததால் மீண்டும் ஓடத் தொடங்கி, புதிதாக உருவான கோப்புகளைப் பூட்டியது. 8.24-க்கு அவர் படமெடுத்தார். பென் டிரைவ் செருகப்பட்டது 8.26-க்கு, ஒரு யு.எஸ்.பி. சாதனம் கடைசியாக எப்போது இணைக்கப்பட்டது என்பதை விண்டோஸ் தன் ரெஜிஸ்ட்ரியில் வைத்திருக்கிறது. முதல் கோப்பு பூட்டப்பட்டு ஏறத்தாழ ஏழு மணி நேரம் கழித்தே அந்தப் பென் டிரைவ் அங்கு வந்தது. அது நோயைக் கொண்டுவரவில்லை, இங்கே வந்துதான் பிடித்துக்கொண்டது.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இது எதிலிருந்து தெரிகிறது என்று ஒரு பத்தியும், உறுதியா ஊகமா என்று இன்னொரு பத்தியும் வைத்தேன். வியாழன் வந்தவரும் திங்கள் வந்தவரும் ஒருவரேயா என்பது ஊகம். கடவுச்சொல்லைக் கண்டுபிடிப்பவர் ஒருவர், அதை விலைக்கு வாங்கிப் பூட்டுபவர் வேறொருவர் என்று இந்தத் தொழில் நடப்பதுண்டு, ஆனால் இங்கே அப்படித்தான் என்று சொல்லச் சான்று இல்லை. கடவுச்சொல்லைத் தேடும் முயற்சிகள் எந்த நாளில் தொடங்கின என்பதும் தெரியாது. தோற்ற முயற்சிகள் பதிவாகும் லாக்தான் அழிக்கப்பட்டது. மருந்தகம், மருத்துவர் அறை ஆகிய இரண்டிலும் பகிரப்பட்ட கோப்புறைகள் மட்டுமே பூட்டப்பட்டு, டெஸ்க்டாப்பில் இருந்தவை நலமாக இருந்தன. அங்கே நிரலும் இல்லை. எனவே அவை சர்வரிலிருந்தே நெட்வொர்க் வழியாகப் பூட்டப்பட்டன என்பதை உறுதி என்றே எழுதினேன். ஆய்வகக் கணினி இரவில் அணைந்திருந்ததால் தப்பியது.

மருத்துவர் கேட்டவற்றில் கடினமானது, குழந்தைகளின் விவரங்கள் வெளியே போயினவா என்ற கேள்வி. போகவில்லை என்று எழுதினால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "வெளியே போனதற்கான தடயம் கிடைக்கவில்லை, ஆனால், போயிருந்தால் அதைக் காட்டக்கூடிய பதிவு எதுவும் இந்த நெட்வொர்க்கில் இல்லை" என்றுதான் எழுத முடிந்தது. ரௌட்டரைக் காலையில் யாரோ அணைத்துப் போட்டதால் அதன் லாக் போய்விட்டது, அதில் 3389-க்கான அமைப்பு மட்டும் எஞ்சியிருந்தது. அந்த வாக்கியத்தை அவர் இரண்டு முறை படித்தார், மாற்றச் சொல்லவில்லை.

பணம் கொடுப்பதா என்பது சுருக்கமாக முடிந்தது. `info.txt` என்ற கோப்பில் தொகை இல்லை. எவ்வளவு விரைவில் எழுதுகிறீர்களோ அதைப் பொறுத்து விலை என்றிருந்தது. பெயர் அமைப்பையும் அந்த அறிவிப்பையும் வைத்து அது ஃபோபோஸ் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. அதற்கு அப்போது இலவசத் திறவி இல்லை. மருத்துவர் பணம் தர மறுத்தார். 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட, இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவுப்படி, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்பதால், அரைகுறையாக இருந்த முதல் வரிசையையே அன்று பிற்பகல் 2 மணிக்கு அனுப்பினோம். சைபர் குற்றப் புகாரும் பதிவுசெய்தோம்.

பேக்கப் வட்டு எப்போதும் சர்வரிலேயே செருகியிருந்ததால் அதுவும் பூட்டப்பட்டிருந்தது. பில் மென்பொருள்காரர் நிதியாண்டுத் தொடக்கத்தில் எடுத்த ஏப்ரல் நகல் அவரிடம் இருந்தது. அதற்குப் பிந்தைய பில்களை அடிக்கட்டைகளிலிருந்து ஏற்றினார்கள்; மருந்துக் கொள்முதலுக்கு ஜி.எஸ்.டி. தளத்தின் 2பி அறிக்கை விலைப்பட்டியல் எண்களைக் கொடுத்தது, மருந்துகளின் பெயர்களைக் கொடுக்கவில்லை. தடுப்பூசித் தேதிகளைப் பெற்றோர் கொண்டுவரும் அட்டைகளிலிருந்தே மீண்டும் எழுத வேண்டியிருந்தது.

அறிக்கையைப் படித்த அன்று மாலையே மருத்துவர் அந்தப் பெண்ணை அழைத்தார். "மறுபடி இப்படி ஏதாச்சும் வந்தா ஆஃப் பண்ணிப் போடாதம்மா, வயரை மட்டும் புடுங்கீட்டு எனக்குப் போன் பண்ணு" என்றதோடு பேச்சு முடிந்தது. 3389 மூடப்பட்டது, `lab` நீக்கப்பட்டது. வீட்டிலிருந்து பார்ப்பதற்கு வி.பி.என். வைத்துக்கொடுத்தேன்.

பூட்டப்பட்ட வட்டை அழிக்காமல் உறையிலிட்டு வைக்கவும் என்பது அறிக்கையின் கடைசி வரி. 2025 ஜூலையில் ஜப்பான் காவல்துறை ஃபோபோஸுக்கான இலவசத் திறவியை வெளியிட்டது. அதை அந்த வட்டின் நகலில் ஓட்டினேன், தரவுத்தளம் திறந்தது. பில்கள் அதற்குள் யாருக்கும் தேவைப்படவில்லை. அட்டையைத் தொலைத்துவிட்ட பெற்றோரின் பட்டியல் ஒன்றை அந்தப் பெண் வைத்திருந்தார். அந்தக் குழந்தைகளின் தடுப்பூசித் தேதிகளை மட்டும் எடுத்துப் புதிய தரவுத்தளத்தில் சேர்த்தோம்.