பால் பொங்கியதா?

திருமணமாகி வந்தபின் இந்த வீட்டில் எனக்கு முதல் பொங்கல். விடியற்காலையிலேயே குளித்துவிட்டு வந்து, "பொங்கல் வாழ்த்துகள் அத்தை" என்றேன். இரவெல்லாம் ஒத்திகை பார்த்த வாசகம்! அத்தை சிரித்தார். "முதலில் பானை பொங்கட்டும் கண்ணு." இங்கே பொங்கிய பிறகுதான் வாழ்த்து, அதுவும் "பால் பொங்கியதா?" என்ற கேள்வியாகத்தான்.

மஞ்சள் கொத்து கட்டிய பானையில் நான் பாதிக்குத்தான் பால் ஊற்றியிருந்தேன். கொதித்ததே தவிர, விளிம்பை எட்டவில்லை. அத்தை அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரைக் கழுத்துவரை ஊற்றி, ஓலையைத் தள்ளி எரியவிட்டார். நுரை கிழக்கே வழிந்தது. "பொங்கலோ பொங்கல்!" நான் கத்தியதில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. அதன் பிறகே அரிசியைப் போட்டோம்.

"பால் பொங்கியதா அத்தை?"

"பொங்கியது கண்ணு. உன் அம்மாவுக்கும் போன் செய்து கேள்."