அட்டை எண் கேட்டால் போதாது

மருந்துக் கடைக்காரர்கள் சங்கம் ஒன்றின் டெலிகிராம் குழுவுக்கு, சேர வருபவர்களைச் சரிபார்க்கும் தானியங்கி நிரல், அதாவது பாட், ஒன்றை எழுதிக் கொடுத்தேன். உறுப்பினர்களுக்கு மட்டுமான குழு. அதுவரை சேரக் கேட்பவர்களைச் செயலாளர் அண்ணாச்சிதான் ஒவ்வொருவராகப் பார்த்து அனுமதித்துவந்தார். பெயர் ‘முருகன்’, படத்தில் ஒரு பூ. இதை வைத்து அவர் எதைக் கண்டுபிடிப்பார்?

சேரும் கோரிக்கையில் பாட்டுக்குக் கிடைப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். போன் நம்பர் வராது. ஆனால் கோரிக்கை வந்தவுடன் அந்த ஆளுக்குத் தனியே ஒரு செய்தி அனுப்பலாம், அவர் பாட்டைத் திறந்தே இராவிட்டாலும். இந்தச் சலுகை 5 நிமிடத்துக்குத்தான். இலவச சர்வர் தூங்கி எழுவதற்குள் நேரம் போய்விடலாம் என்பதால் எப்போதும் விழித்திருக்கும் சர்வரில் போட்டேன். முதல் செய்தியிலேயே ‘Start அழுத்துங்கள்’ என்று கேட்டுவிடுவேன்; அழுத்திவிட்டால் அப்புறம் நிதானமாகப் பேசலாம்.

உறுப்பினர் அட்டை எண்ணைக் கேட்டால் போதும் என்றார் அண்ணாச்சி. அந்த எண்ணைத்தான் கடைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்களே! மருந்து வாங்க வருகிற யாரும் படித்துக்கொண்டு போகலாம். அதனால் நம்பரைப் பகிரும் பொத்தானை வைத்து, வரும் எண்ணைச் சங்கப் பதிவேட்டோடு ஒப்பிட்டேன். இதிலும் ஓர் ஓட்டை உண்டு. பொத்தானை விட்டுவிட்டு, தன் போனில் சேமித்திருக்கும் வேறொரு கடைக்காரரின் தொடர்பு அட்டையை ஒருவர் அனுப்பலாம். பாட்டுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் வரும். அடைப்பது இந்த இரண்டு வரிகள்:

```python
if msg.contact.user_id != msg.from_user.id:
    return
```

எண்ணும் அனுப்பியவரும் ஒரே கணக்கா என்று பார்க்கிறது. இதைத் தாண்டி, எண்ணும் பதிவேட்டில் இருந்தால் `approveChatJoinRequest` மூலம் பாட் அனுமதித்துவிடும். பதிவேட்டில் சிலர் +91 போட்டும் சிலர் போடாமலும் எழுதியிருந்ததால், கடைசி 10 இலக்கங்களை மட்டும் ஒப்பிட்டேன்.

வரவேற்பைக் குழுவில் போடவில்லை. அங்கே போட்டால், சரக்கு தட்டுப்பாடு பற்றிய பேச்சு வணக்கங்களுக்கு அடியில் போய்விடும். அனுமதித்ததும் தனிச் செய்தியில் வரவேற்று, விதிகளுக்கான இணைப்பையும் கொடுத்துவிடுகிறேன். விதிகளை பாட்டே எழுதி, குழுவின் உச்சியில் ‘பின்’ செய்வதுதான் வசதி. தான் எழுதியதை மட்டுமே அதனால் திருத்த முடியும். அண்ணாச்சி எழுதியதைத் தொட முடியாது. விதி மாறினால் அதே செய்தியைத் திருத்துகிறோம், இணைப்பு மாறுவதில்லை. முதன்முறை ‘பின்’ செய்யும்போது `disable_notification` போட்டால் எல்லார் போனும் ஒலிக்காது.

பொருந்தாத எண்களை பாட் நிராகரிப்பதில்லை. கடை அப்பா பெயரில் இருக்கும், நடத்துவது மகனாக இருக்கும். பதிவேட்டில் அப்பா நம்பர், கேட்பது மகன். அப்படிப்பட்டவை அண்ணாச்சிக்குப் போகின்றன. அவர் கடைக்கே போன் போட்டு, “தம்பி, அப்பாகிட்ட குடு” என்கிறார்.