பொங்கல் ரேட்

கிளிநொச்சியில் இரண்டு வான் வைத்து ஹயர் ஓடுகிற எனக்கு, வருடத்தில் நெருக்கடியான இரவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல்தான். வைகாசியில் அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் ஊரே முல்லைத்தீவுப் பக்கம் திரும்பிவிடும். மடு ஆவணித் திருவிழாவுக்கும் சனம் போகும்தான், ஆனால் அது பல நாளாகப் பிரிந்து போகும். இது ஒரே இரவு.

முதல் வருடம் கேட்டவர்களுக்கெல்லாம் 30,000 என்றேன். சாதாரண நாளில் அதே பயணம், மூன்று மணித்தியாலக் காத்திருப்போடு, 18,000. எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஒரு ரீச்சர் அக்கா ஃபோனில் கேட்டா: "அம்மாளிட்டப் போறதுக்கும் சீசன் ரேட்டோ தம்பி?"

"எல்லாரும் அப்பிடித்தான் அக்கா எடுக்கினம்" என்றேன். சொன்ன கையோடு எனக்கே வெட்கமாக இருந்தது. அது விளக்கமில்லை, சாட்டு.

இரவு கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். நாலு மணிக்கு வெளிக்கிட்டு விடிய ஆறுக்கு வந்தால், ஓட்டம் போக பத்து மணித்தியாலம் வான் அங்கே நிற்கும். வழமையான மூன்றைக் கழித்தால் ஏழு, மணிக்கு 400 படி 2,800. ட்ரைவருக்கு இரவுச் சம்பளம் 3,000. இராமுழுக்க முழித்தவனை அடுத்த நாள் காலமை பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்ற விடமாட்டேன், அந்த ஓட்டத்தை வேறொரு வானுக்குக் கொடுக்க 3,500. டீசல் செலவு மாறவில்லை. எல்லாம் கூட்டினால் 27,300. மிச்சம் 2,700க்கு என்னிடம் காரணம் இல்லை. சனம் கேட்கிறது என்பதைத் தவிர.

கொழும்பில் ஆப் வண்டிகள் மழை நேரத்தில் ரேட்டை ஏற்றுவதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். வீட்டில் நிற்கிற ட்ரைவர், காசு கூடவென்றால் வெளிக்கிட்டு வருவான், வண்டி கூடும், ரேட் பிறகு இறங்கும். எங்கள் பக்கம் பொங்கலன்று ஓடக்கூடிய வான் எல்லாம் ஏற்கெனவே ஓடும். நான் 2,700 கூட்டியதால் ஒரு வானும் புதிதாக வரவில்லை. அதை நான் சும்மாதான் வாங்கினேன்.

வான் வரவைக்க உண்மையாகவே செலவாகும் இடம் வேறு. என்னுடைய இரண்டும் நிரம்பிவிட்டால் வவுனியாவிலிருந்து ஒன்றைக் கூப்பிடுவேன். அது ஆளில்லாமல் எண்பது கிலோமீட்டர் வந்து, முடிய ஆளில்லாமல் திரும்பிப் போகவேண்டும். அந்த வெறும் ஓட்டத்துக்கு டீசல் மட்டும் ஏறக்குறைய 5,000. அப்போ மூன்றாவதாகக் கேட்டவருக்கு 32,300. இரண்டு வீடு தள்ளி இருப்பவர் 27,300க்குப் போகிறார். கோயிலடியில் சந்தித்தால் இதைத்தான் முதலில் கதைப்பினம்.

எல்லாருக்கும் சராசரி போட்டால் என்ன என்றும் யோசித்தேன். ஆனால் மாதத்துக்கு முதலே சொல்லி வைத்தவர், பிந்தி வந்தவரின் டீசலை ஏன் கட்டவேண்டும்? ஆகவே பிந்திக் கேட்பவரிடம் முதல் வசனமாகவே சொல்லிவிடுவேன்: "எங்கட வான் முடிஞ்சுது ஐயா. வவுனியாவில இருந்து வெறுமையா வரவேணும், அதுக்கு 5,000 கூட. இன்னொரு குடும்பம் சேர்ந்தால் பாதிப் பாதி." ஃபோனை வைத்துவிட்டு வேறு இடத்தில் விசாரிப்பவர்களும் உண்டு, அது அவர்கள் உரிமை. சாவீடு, ஆஸ்பத்திரி என்று அந்த இரவில் யாரும் கேட்டால் கூட்டுவதில்லை. இருக்கிற ஓட்டோவையாவது அனுப்புவோம்.

இவ்வளவு செய்தும் ஒருமுறை பிழைத்தது. கூப்பிட்டு எடுத்த வான் ட்ரைவர் ஒருவர் விடியப்புறம் கோயிலடியில் வைத்து, "நேரம் போட்டுது, இன்னும் 2,000 தாங்கோ" என்று கேட்டிருக்கிறார். பொங்கல் பானையோடும் நித்திரைப் பிள்ளைகளோடும் நிற்கிற சனம் என்ன செய்யும்? கொடுத்துவிட்டு எனக்கு எடுத்துப் பேசினார்கள். காசைத் திருப்பிக் கொடுத்தேன். அதன்பிறகு ஆளுக்கும் ட்ரைவருக்கும் ஒரே மெசேஜ் போகும்:

"திங்கள் பி.ப. 4.00 வெளிக்கிட்டு செவ்வாய் மு.ப. 6.00க்குள் வீடு. வழமை 18,000, கூடுதல் காத்திருப்பு 2,800, இரவுச் சம்பளம் 3,000, காலமைப் பள்ளிக்கூட ஓட்டம் 3,500. மொத்தம் 27,300. ஆறுக்குப் பிந்தினால் மணிக்கு 400. வேறொன்றும் கொடுக்க வேண்டாம்."

கடைசி வசனம் ட்ரைவருக்காக எழுதியது.

பிரித்து எழுதினால் பேரம் கூடுமென்று கூட்டாளி ஒருவர் சொன்னார். கூடத்தான் செய்தது. போன பொங்கலுக்கு அதே ரீச்சர் அக்கா சித்திரையிலேயே எடுத்தா. மெசேஜைப் பார்த்துவிட்டு உடனே திருப்பி எடுத்தா.

"தம்பி, அந்தச் செவ்வாய் பள்ளிக்கூடம் லீவெல்லோ. பிறகென்னத்துக்கு 3,500?"

நான் கலண்டர் பார்க்கவில்லை. ரீச்சருக்கு லீவு தெரியாமல் இருக்குமா? 23,800 என்று திருத்தி அனுப்பினேன், மற்ற வானில் போனவர்களுக்கும் சேர்த்து.